நேரம் எங்கே தொடங்குகிறது? ஈஸ்ட்ரோஜன், மாரடைப்பு: ஒரு கோஹார்ட் ஆய்வு தேர்வு வினாவாக

வினா (மொத்தம் 40 மதிப்பெண்)

ஒரு குழுவினரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்ப்பது கோஹார்ட் ஆய்வு. அமெரிக்காவின் நர்ஸஸ் ஹெல்த் ஸ்டடி என்னும் அத்தகைய ஆய்வின் பத்தாண்டுத் தரவை வைத்து 1991-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன் சுருக்கம் கீழே.

மாதவிடாய் நின்ற 48,470 செவிலியர்கள் ஆய்வில் இருந்தனர். வயது 30 முதல் 63 வரை. தொடக்கத்தில் எவருக்கும் புற்றுநோயோ இதய ரத்தநாள நோயோ கிடையாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தபாலில் வினாத்தாள் அனுப்பி, ஈஸ்ட்ரோஜன் எடுக்கிறார்களா, இதயநோய் வந்ததா என்று கேட்டனர். மொத்தக் கண்காணிப்பு 337,854 நபர்-ஆண்டுகள். அந்தக் காலத்தில் 405 பேருக்குப் பெரும் இதயநோய் நிகழ்வு (மரணமில்லாத மாரடைப்பு அல்லது இதயநோய் மரணம்) ஏற்பட்டது. 224 பேருக்குப் பக்கவாதம் வந்தது. வயதையும் மற்ற அபாயக் காரணிகளையும் சரிசெய்த பிறகு, ஈஸ்ட்ரோஜனே எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் இப்போது எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பெரும் இதயநோயின் ஒப்பீட்டு அபாயம் 0.56 (95% நம்பிக்கை இடைவெளி 0.40–0.80). பக்கவாதத்துக்கு அது 0.97 (0.65–1.45).

(அ) இந்த ஆய்வு உண்மையில் எந்தக் கேள்விக்கு விடை தருகிறது? (4)
(ஆ) ஒப்பிடப்பட்ட இரு குழுக்களும் எப்படி உருவாயின? கண்காணிப்பு எந்தக் கணத்தில் தொடங்குகிறது? அதனால் முடிவு எந்தப் பக்கம் சாயக்கூடும்? (12)
(இ) மருந்து எடுத்ததையும் நோய் வந்ததையும் அளந்த விதத்தை மதிப்பிடுக. (6)
(ஈ) குழப்பும் காரணிகளைக் கையாண்ட விதம் போதுமா? (8)
(உ) முடிவின் அளவையும் துல்லியத்தையும் விளக்குக. (4)
(ஊ) 2002-இல் வெளியான விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் சோதனையில் 16,608 பெண்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு இதயநோயின் அபாய விகிதம் 1.29 (1.02–1.63) என்று வந்தது. இந்த முரணை விளக்குக. (6)

மதிப்பெண் பிரிவைக் கவனியுங்கள். (ஆ) பகுதிக்குத்தான் அதிகம் வைத்திருக்கிறேன். பெரும்பாலான விடைத்தாள்களில் அந்த இடத்தில் இரண்டு வரிதான் இருக்கும், (ஈ) பகுதிக்கு இரண்டு பக்கம் இருக்கும். கோஹார்ட் ஆய்வு என்றதும் "குழப்பும் காரணிகளைச் சரிசெய்தார்களா" என்று கேட்கத்தான் எல்லோரும் பழகியிருக்கிறோம். தேவையான கேள்விதான்: மருந்து எடுத்தவர்கள் வேறு வகையிலும் வித்தியாசமானவர்களாக இருந்தால் ஒப்பீடு குழம்பும். ஆனால் இந்தக் கட்டுரையில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

சரிபார்ப்புப் பட்டியல் பற்றி ஒரு வார்த்தை. பலர் ஸ்ட்ரோப் பட்டியலின் 22 அம்சங்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். ஒரு கட்டுரை எதையெல்லாம் எழுதிச் சொல்ல வேண்டும் என்பதற்கான பட்டியல் அது. எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிய கட்டுரையின் முடிவும் தவறாக இருக்கலாம். விமர்சன வாசிப்புக்குக் காஸ்ப் போன்ற பட்டியல்கள் பொருத்தமானவை. அவற்றிலும் "குழு சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதா" என்ற கேள்விக்கு "ஆம்" என்று குறி போட்டுவிட்டுப் போகிற ஆபத்து உண்டு. இங்கே அந்த ஒரு கேள்விக்குள்தான் இறங்கப் போகிறோம்.

(அ) கேள்வி என்ன?

கட்டுரையை வாசிப்பவர் மனதில் இருக்கும் கேள்வி இது: மாதவிடாய் நின்ற ஒரு பெண் ஈஸ்ட்ரோஜனைத் தொடங்கினால் அவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு குறையுமா? மருத்துவரும் நோயாளியும் எடுக்க வேண்டிய முடிவு "தொடங்கலாமா" என்பதுதான்.

ஆய்வு ஒப்பிட்டது இன்னொன்றை. இன்றைய தேதியில் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டிருப்பவர்களையும் ஒருநாளும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டது. "தொடங்குதல்" ஒரு முடிவு, "எடுத்துக்கொண்டிருத்தல்" ஒரு நிலை. நேற்றுத் தொடங்கியவரும் எட்டு ஆண்டாக விடாமல் எடுப்பவரும் அந்த நிலையில் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். இந்த வித்தியாசத்தை ஒரு வரியில் எழுதினாலே நான்கு மதிப்பெண்ணும் தரலாம். மக்கள் தொகை, வெளிப்பாடு, ஒப்பீடு, விளைவு என்று நான்கு தலைப்பில் சுருக்கத்தைத் திருப்பி எழுதிக் கொடுத்தால் இரண்டு.

(ஆ) நேரத்தின் பூஜ்யம்

குலுக்கல் சோதனையில் மூன்று விஷயங்கள் ஒரே நாளில் நடக்கின்றன. அந்தப் பெண் தகுதியுள்ளவரா என்று பார்ப்பது, எந்தக் குழு என்று தீர்மானிப்பது, அவருடைய கடிகாரத்தை ஓடவிடுவது. மருந்து தொடங்கிய முதல் வாரத்தில் மாரடைப்பு வந்தாலும் அது மருந்துக் குழுவின் கணக்கில் விழும். கோஹார்ட் ஆய்வில் இந்த மூன்றும் வெவ்வேறு நாட்களில் நடக்கலாம். அப்படிப் பிரிந்தால் என்ன ஆகிறது என்பதே இந்தப் பகுதி.

நர்ஸஸ் ஹெல்த் ஸ்டடி 1976-இல் 11 மாநிலங்களில், 30 முதல் 55 வயது வரையிலான ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமான செவிலியர்களோடு தொடங்கியது. முதல் வினாத்தாளிலேயே "ஆம், எடுக்கிறேன்" என்று பதில் சொன்னவர்கள் இருந்தனர். அவர்கள் எப்போதோ தொடங்கியவர்கள். தொடங்கிய பிறகு, 1976-க்கு முன்பே மாரடைப்பு வந்தவர்கள் என்ன ஆனார்கள்? தொடக்கத்தில் இதயநோய் இல்லாதவர்களை மட்டுமே பகுப்பாய்வில் சேர்த்ததால் அவர்கள் வெளியே போய்விட்டார்கள். இறந்தவர்கள் வினாத்தாளையே பார்க்கவில்லை. ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியவர்கள் "முன்பு எடுத்தவர்கள்" பட்டியலுக்குப் போனார்கள். கடைசியில் "இப்போது எடுப்பவர்கள்" குழுவில் மிஞ்சியவர்கள், மருந்தின் முதல் கட்டத்தைத் தாங்கி வந்தவர்கள் மட்டுமே. எடுக்காதவர்கள் குழுவில் இப்படி எந்தச் சலித்தெடுப்பும் நடக்கவில்லை.

இது எவ்வளவு பெரிய பொய்யை உருவாக்கும் என்று காட்ட ஒரு கணக்கு போடலாம். எண்கள் கற்பனை. விளைவு தெளிவாகத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே பெரிதாக்கியிருக்கிறேன்.

இரு பக்கமும் ஆயிரம் பெண்கள். ஒவ்வொரு ஆயிரத்திலும் நூறு பேருக்கு ரத்தநாளம் ஏற்கெனவே பலவீனம். மாரடைப்பு அவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று வைத்துக்கொள்வோம். மருந்து இல்லாவிட்டால் பலவீனமானவர்களில் ஆண்டுக்குப் பத்து சதவீதம் பேருக்கு வரும். மருந்து தொடங்கினால் முதல் ஆண்டில் மட்டும் முப்பது சதவீதம். அதன்பின் மருந்துக்கு எந்த விளைவும் இல்லை, பழையபடி பத்து சதவீதம்தான். அதாவது இந்த மருந்து முதல் ஆண்டில் கெடுதல் செய்கிறது, பிறகு ஒன்றும் செய்வதில்லை. எந்த ஆண்டிலும் நன்மை செய்யவில்லை.

முதல் ஆண்டு: மருந்துக் குழுவில் 30 மாரடைப்பு, மற்றதில் 10. பலவீனமானவர்களில் இன்னும் 20 பேர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் 950 பேர். அவர்களில் பலவீனமானவர்கள் 50 பேர்தான். எடுக்காத பக்கம் 990 பேர், பலவீனமானவர்கள் 90.

இப்போதுதான் நம் ஆய்வாளர் வினாத்தாளோடு வருகிறார். இரண்டாம் ஆண்டில் மருந்து எடுப்பவர்களில் 5 பேருக்கும் எடுக்காதவர்களில் 9 பேருக்கும் மாரடைப்பு வருகிறது. 950-இல் 5, 990-இல் 9. ஒப்பீட்டு அபாயம் ஏறத்தாழ 0.58. மருந்து மாரடைப்பை நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது என்று கட்டுரை வந்துவிடும். முதல் நாளிலிருந்தே எண்ணியிருந்தால் இரண்டு ஆண்டில், நிறுத்தியவர்களையும் சேர்த்து, மருந்து தொடங்கிய பக்கம் 37 பேர், மற்ற பக்கம் 19 பேர். கிட்டத்தட்ட இரு மடங்கு கெடுதல்.

இந்தக் கணக்கில் எந்தப் பெண்ணும் பொய் சொல்லவில்லை. குழப்பும் காரணி எதுவும் இல்லை. தொடங்கிய நாளில் இரு குழுவும் அச்சு அசலாக ஒன்றே. எண்ணத் தொடங்கிய நாள் மட்டும்தான் தவறு. நம் ஆய்விலும் இதே அளவு சாய்வு நடந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் சாயும், அந்தச் சாய்வு எவ்வளவு பெரிதாக முடியும் என்பதைத்தான் கணக்கு காட்டுகிறது.

ஒரு மாணவர் இங்கே எதிர்வாதம் வைக்கலாம். "சார், வினாத்தாள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறதே. 1976-க்குப் பிறகு தொடங்கியவர்களை ஆய்வு பிடித்திருக்குமே?" நல்ல கேள்வி. பிடித்திருக்கும், ஆனால் முழுதாக இல்லை. ஒரு கற்பனைப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1980 ஜூனில் வினாத்தாளை நிரப்புகிறார், "எடுத்ததில்லை" என்கிறார். 1981 ஜனவரியில் ஈஸ்ட்ரோஜனைத் தொடங்குகிறார். 1981 செப்டம்பரில் மாரடைப்பு. 1980 வினாத்தாளின் பதிலை வைத்து அடுத்த இரண்டு ஆண்டுகளை ஒதுக்கினால், இந்த மாரடைப்பு "எடுக்காதவர்" கணக்கில் விழுகிறது. அவர் இறந்திருந்தால் 1982 வினாத்தாளில் திருத்திச் சொல்லவும் ஆளில்லை. மருந்தின் முதல் சில மாதங்களில் வரும் கெடுதல் மருந்துக் குழுவிலிருந்து கழிவது மட்டுமல்ல, எதிர்க் குழுவில் கூடவும் செய்கிறது.

சரி, இதை ஒரு கட்டுரையில் எப்படிக் கண்டுபிடிப்பது? முறைகள் பகுதியில் மூன்று இடத்தைத் தேடுங்கள். முதலில், வெளிப்பாட்டுக் குழுவின் பெயர். "இப்போது எடுப்பவர்", "பயன்படுத்துபவர்" என்று இருந்தால் எச்சரிக்கை, "புதிதாகத் தொடங்கியவர்" என்று இருந்தால் நிம்மதி. அடுத்து, தகுதி பார்த்த தேதியும் மருந்து தொடங்கிய தேதியும் ஒன்றா என்பது. கடைசியாக, எடுத்த காலத்தின்படி முடிவைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்களா, முதல் ஆண்டு தனியாகத் தெரிகிறதா என்பது. 1991 கட்டுரை கால அளவைப் பார்த்தது. வயதைத் தாண்டி, எடுத்த காலத்தால் தனி விளைவு எதுவும் காணவில்லை என்று எழுதியது. அதை நிம்மதியாக எடுத்துக்கொள்ள முடியாது. மருந்து ரத்தநாளத்தைக் காப்பாற்றுகிறது என்றால் நீண்ட காலம் எடுத்தவருக்குக் கூடுதல் நன்மை இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அது இல்லாததே ஒரு கேள்விக்குறி.

(இ) அளந்த விதம்

இதில் ஆய்வு பலமானது, அதைத் தயங்காமல் எழுத வேண்டும். எல்லாவற்றிலும் குறை தேடுவது விமர்சன வாசிப்பு ஆகாது.

பதில் சொன்னவர்கள் செவிலியர்கள். மருந்தின் பெயரும் தங்கள் நோய்களின் பெயரும் தெரிந்தவர்கள். நோய் வருவதற்கு முன்பே மருந்து பற்றிக் கேட்டுப் பதிந்துவிட்டதால், நோய் வந்த பிறகு நினைவைத் துழாவிச் சொல்லும் பிழை இங்கே இல்லை. மாரடைப்பு வந்ததாகச் சொன்னவர்களின் மருத்துவப் பதிவுகளை வாங்கிப் பார்த்தனர். பார்த்த மருத்துவர்களுக்கு அந்தப் பெண் ஈஸ்ட்ரோஜன் எடுத்தவரா என்பது தெரியாது. மரணங்களைக் குடும்பத்தினர், தபால் துறை, தேசிய மரணப் பதிவேடு வழியாகத் தேடினர்.

பலவீனம் ஒன்றுதான், அதை மேலேயே பார்த்துவிட்டோம்: இரண்டு ஆண்டு இடைவெளி. இந்த விடையை நீட்ட வேண்டியதில்லை. ஆறு மதிப்பெண்ணுக்குப் பத்து வரி போதும்.

(ஈ) குழப்பும் காரணிகள்

"வசதியான, படித்த, உடல்நலத்தில் அக்கறை உள்ள பெண்கள்தான் ஹார்மோன் எடுத்தார்கள், அதனால்தான் மாரடைப்பு குறைவு" என்பது எல்லோரும் எழுதும் விடை. தவறில்லை, ஆனால் இந்தக் கட்டுரையின் ஆசிரியர்கள் அதை முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். பங்கேற்ற அனைவரும் செவிலியர்கள் என்பதால் கல்வி, தொழில் வித்தியாசம் பொது மக்களில் இருப்பதைவிடக் குறைவு. புகை, ரத்த அழுத்தம், நீரிழிவு, கொலஸ்ட்ரால், உடல் எடை போன்றவற்றைச் சரிசெய்தனர். அதோடு நிற்காமல் இரண்டு துணைப் பகுப்பாய்வு செய்தனர். சமீபத்தில் மருத்துவரைப் பார்த்தவர்களை மட்டும் எடுத்தபோது ஒப்பீட்டு அபாயம் 0.45. புகை, நீரிழிவு, உயர் அழுத்தம், உயர் கொலஸ்ட்ரால், அதிக எடை எதுவும் இல்லாதவர்களை மட்டும் எடுத்தபோது 0.53. இரண்டுமே முதன்மை முடிவைவிடச் சற்றுக் குறைவு.

அக்காலத்தில் இதை வாசித்தவர்கள் நம்பியதற்கு நியாயம் இருந்தது. "நல்ல ஆரோக்கியம்தான் காரணம் என்றால், எல்லோரும் ஆரோக்கியமாக இருக்கும் துணைக்குழுவில் விளைவு மறைந்திருக்க வேண்டும். மறையவில்லையே" என்பது வாதம். நல்ல மாணவர் இந்த வாதத்தை முதலில் மதித்து எழுதுவார். பிறகு அதன் எல்லையைக் காட்டுவார்: இந்த இரு துணைப் பகுப்பாய்வுகளும் குழப்பும் காரணியைத்தான் சோதிக்கின்றன. (ஆ) பகுதியில் சொன்ன சலித்தெடுப்பைத் தொடவே இல்லை. குறைந்த அபாயக் குழுவிலும் "இப்போது எடுப்பவர்கள்" முதல் கட்டத்தைத் தாண்டி வந்தவர்கள்தானே.

இன்னொன்று, எந்த அட்டவணையிலும் சிக்காதது: மாத்திரையை விடாமல் எடுக்கும் குணம். கரோனரி டிரக் ப்ராஜெக்ட் சோதனையின் 1980-ஆம் ஆண்டு அறிக்கையை இங்கே மேற்கோள் காட்டும் மாணவருக்கு நான் மனதாரக் கூடுதல் மதிப்பெண் தருவேன். மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களிடம் நடந்த சோதனை அது. அதில் வெற்று மாத்திரைக் குழுவை மட்டும் பாருங்கள். எண்பது சதவீதத்துக்கும் மேல் ஒழுங்காக எடுத்தவர்களில் ஐந்தாண்டு மரணம் 15 சதவீதம், ஒழுங்காக எடுக்காதவர்களில் 28. மாத்திரையில் மருந்தே இல்லை. தெரிந்த காரணிகளைச் சரிசெய்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டிருக்கும் பெண் என்றாலே, சொன்னபடி மாத்திரை எடுக்கும் பெண் என்றும் பொருள். அந்தக் குணத்தோடு சேர்ந்து வரும் மற்ற நன்மைகளை வினாத்தாள் அளக்கவில்லை.

பக்கவாதத்தின் 0.97-ஐ எப்படி வாசிப்பது? இது வினாவிலேயே ஒளிந்திருக்கும் சோதனை. "ஆரோக்கியமானவர்கள்தான் எடுத்தார்கள் என்றால் பக்கவாதமும் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, ஆகவே இதய நன்மை உண்மை" என்று வாதிடலாம். கேட்க உறுதியாக இருக்கும் இந்த வாதம் ஓர் அனுமானத்தில் நிற்கிறது: பக்கவாதத்தில் மருந்தின் உண்மையான விளைவு பூஜ்யம் என்பதே அது. மருந்து உண்மையில் பக்கவாதத்தைக் கூட்டுகிறது என்றால், சாய்வு அதைக் கீழே இழுத்து ஒன்றுக்கு அருகில் கொண்டுவந்திருக்கலாம். 2002-இல் வந்த சோதனையில் கூட்டு மாத்திரைக்குப் பக்கவாத அபாய விகிதம் 1.41 என்று வந்தது. விளைவு இருக்கவே முடியாத ஒரு முடிவைத்தான் இப்படிச் சோதனைக் கல்லாக வைக்க முடியும். வேறொரு கோஹார்ட்டான வால்நட் கிரீக் ஆய்வில் ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் விபத்து, தற்கொலை போன்ற மரணங்களும் குறைவாக இருந்தன. அவற்றை ஈஸ்ட்ரோஜன் தடுக்கும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். சோதனைக் கல் என்றால் அதுதான்.

(உ) எண்கள்

0.56 என்றால் 44 சதவீதம் குறைவு. எத்தனை பேருக்கு? 405 நிகழ்வுகளை 337,854 நபர்-ஆண்டுகளால் வகுத்தால், பத்தாயிரம் நபர்-ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 12. அதில் 44 சதவீதம் சுமார் ஐந்து. பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு எடுத்தால் ஐந்து பேருக்குத் தவிர்க்கலாம் என்பதே முடிவை அப்படியே நம்பினாலும் கிடைக்கும் அளவு. 12 என்பது எடுத்தவர், எடுக்காதவர் எல்லோரையும் சேர்த்த விகிதம் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் தேர்வில் போட்டுக் காட்டுங்கள்.

நம்பிக்கை இடைவெளி 0.40–0.80, வித்தியாசமே இல்லை என்பதைக் குறிக்கும் 1-ஐத் தொடவில்லை. இதிலிருந்து தற்செயலால் வந்த முடிவாக இருக்க வாய்ப்பு குறைவு என்று மட்டும் எழுதலாம். எண்ணத் தொடங்கிய நாள் தவறு என்றால், இன்னும் பத்து மடங்கு பெண்களைச் சேர்த்தாலும் இடைவெளி குறுகுமே தவிர, தவறான இடத்திலேயே குறுகும்.

(ஊ) முரணுக்கு விளக்கம்

"குலுக்கல் சோதனைதான் உயர்ந்தது, ஆகவே கோஹார்ட் தவறு" என்று எழுதினால் ஒரு மதிப்பெண். இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்டனவா என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மருந்து ஒன்றல்ல. 1991 கட்டுரையின் காலத்தில் பெண்கள் எடுத்தது பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும். 2002 சோதனையில் கொடுத்தது ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இணைச் சோதனை 2004-இல் வந்தது. கருப்பை நீக்கப்பட்ட 10,739 பெண்களில் இதயநோயின் அபாய விகிதம் 0.91 (0.75–1.12). கெடுதலும் தெளிவாக இல்லை, 0.56 அளவு நன்மையும் இல்லை. ஆக மருந்து வித்தியாசம் முரணில் ஒரு பகுதியைத்தான் விளக்குகிறது.

பெண்களும் ஒன்றல்ல. சோதனையில் சேர்ந்தவர்கள் 50 முதல் 79 வயது வரை. பலருக்கு மாதவிடாய் நின்று பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. செவிலியர்கள் பெரும்பாலும் மாதவிடாய் நின்றதை ஒட்டியே தொடங்கியவர்கள்.

மூன்றாவது, நாம் (ஆ) பகுதியில் தோண்டியது. சோதனையின் இறுதிப் பகுப்பாய்வு 2003-இல் வந்தபோது மொத்த அபாய விகிதம் 1.24, முதல் ஆண்டில் மட்டும் 1.81 (1.09–3.01). கெடுதல் தொடக்கத்தில் குவிந்திருக்கிறது. கோஹார்ட் ஆய்வு சரியாக அந்த இடத்தில்தான் கண் மூடியிருந்தது.

இதை ஊகமாக விடாமல் சோதித்துப் பார்த்தவர் நோய்ப்பரவியல் ஆய்வாளர் மிகேல் ஹெர்னான். அவரும் சக ஆய்வாளர்களும் 2008-இல் அதே செவிலியர் தரவை எடுத்து, ஒரு சோதனையைப் போலவே மறுபடியும் அடுக்கினார்கள். முந்தைய இரண்டு ஆண்டில் ஹார்மோன் எடுக்காத பெண்களை மட்டும் தகுதியானவர்கள் என்று வைத்து, அவர்களில் புதிதாகத் தொடங்கியவர்களையும் தொடங்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். பிறகு நிறுத்தினாலும் தொடங்கிய குழுவிலேயே வைத்தார்கள். பழைய 0.56 காணாமல் போனது. முதல் இரண்டு ஆண்டில் அபாய விகிதம் 1.42 (0.92–2.20), மொத்தக் காலத்துக்கும் 0.96 (0.78–1.18).

அதே கோஹார்ட், அதே வினாத்தாள்கள், அளக்கப்படாத அதே குழப்பும் காரணிகள். கேள்வியையும் கடிகாரத்தையும் மாற்றியதும் கோஹார்ட்டின் விடை சோதனையின் பக்கம் நகர்ந்தது. மிச்சமிருந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியை, மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டு ஆனது என்பதும் கண்காணிப்பின் நீளமும் விளக்கிவிடும் என்பது அவர்கள் முடிவு. 1.42-இன் இடைவெளி 1-இன் இருபுறமும் போகிறது, அதனால் செவிலியர் தரவு மட்டுமே தொடக்கக் கெடுதலை நிரூபித்தது என்று எழுதினால் மதிப்பெண் குறையும். நிரூபித்தது சோதனை. நன்மை என்று தோன்றியதில் பெரும்பகுதி எண்ணிய விதத்திலிருந்து வந்திருக்க முடியும் என்பதைத்தான் மறுபகுப்பாய்வு காட்டியது.

இந்தப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்க மூன்று காரணங்களையும் எழுதி, அவற்றில் எதை 1991 கட்டுரையை மட்டும் வைத்தே முன்கூட்டிச் சந்தேகித்திருக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். மருந்து வித்தியாசமும் பெண்களின் வித்தியாசமும் சோதனை வந்த பிறகுதான் தெரியும். மூன்றாவதை, "இப்போது எடுத்துக்கொண்டிருப்பவர்கள்" என்ற சொற்றொடரை வாசித்த அன்றைக்கே கேட்டிருக்கலாம்.